சாட்டில் வரும் கேக் ஆர்டரும் பில் எண்ணும்: வீட்டு பேக்கர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு பேக்கரை வைத்துப் பேசுகிறோம். கோவையில் வீட்டிலிருந்தபடி கேக் செய்து கொடுப்பவர். வாரத்துக்குப் பதினைந்து ஆர்டர், ஒரே ஓவன், உதவிக்கு மாமியார். ஆள் கற்பனைதான். ஆனால் அவருக்கு நேர்ந்தது இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் புதிதாக இருக்காது.

எல்லாமே சாட்டில் எழுத்தில் இருக்கிறதே, ஆர்டர் எப்படித் தொலையும்?

செய்தி தொலைவதில்லை, அதன் இடம்தான் தொலைகிறது. வாட்ஸ்ஆப்பில் கடைசியாகப் பேசியவர் மேலே நிற்பார். பத்து நாள் முன்பு ஆர்டர் சொல்லிவிட்டு அமைதியாக இருப்பவர் கீழே இறங்கிக்கொண்டே போவார். ஆக, தொந்தரவு கொடுக்காத நல்ல வாடிக்கையாளரின் கேக்தான் முதலில் மறந்துபோகும்.

ஒரே சாட்டுக்குள்ளும் ஒரு ஆர்டர் ஒரே இடத்தில் இருப்பதில்லை. எடை ஒரு செய்தியில் இருக்கும், ஃபிளேவர் குரல் பதிவில் இருக்கும், டிசைன் படமாக வந்திருக்கும், டெலிவரி நேரம் ஃபோனில் சொல்லப்பட்டிருக்கும். குரல் பதிவில் சொன்னது தேடல் பெட்டியில் அகப்படாது. அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள் அவர் திருத்தவும் முடியும். நீங்கள் ‘ஒரு கிலோ’ என்று படித்து மனதில் வைத்தது பிறகு ‘ஒன்றரை கிலோ’ ஆகியிருக்கும்; பக்கத்தில் சின்னதாகத் ‘திருத்தப்பட்டது’ என்று நிற்பதைப் பார்த்தால்தான் உண்டு. வாடிக்கையாளர் தானாக மறையும் செய்தி வசதியைப் போட்டிருந்தால் இன்னும் மோசம். 24 மணி நேரத்திலோ ஏழு நாளிலோ மொத்த ஆர்டரும் இரண்டு ஃபோனிலிருந்தும் போய்விடும்.

அந்தப் பேக்கருக்கு அப்படி என்னதான் ஆனது?

டிசம்பர் 20, சனிக்கிழமை. ஏழு கேக் போக வேண்டிய நாள். அதில் இரண்டு பேர் பெயர் ப்ரியா.

முதல் ப்ரியா கேட்டது ஒரு கிலோ பிளாக் ஃபாரஸ்ட், எக்லெஸ், விலை 1,100 ரூபாய். பாதிப் பணம், அதாவது 550 ரூபாய், அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். இரண்டாவது ப்ரியா கேட்டது அரைக் கிலோ பட்டர்ஸ்காட்ச், விலை 550. சின்ன கேக்தானே என்று முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை இரவு யுபிஐயில் 550 ரூபாய் வந்தது. அனுப்பியவர் பெயர் ஒரு ஆணின் பெயர், இரண்டாவது ப்ரியாவின் கணவர். பேக்கர் தொகையைப் பார்த்தார். 550 என்றால் அட்வான்ஸ், அது பிளாக் ஃபாரஸ்ட் ப்ரியாவுடையது என்று முடிவு செய்து நோட்டில் ‘ப்ரியா – வந்தாச்சு’ என்று டிக் போட்டார். பணம் வராத ஆர்டரை நாள் பட்டியலில் ஏற்றுவதில்லை என்பது அவர் வைத்திருந்த விதி, நல்ல விதிதான். அந்த விதிப்படி பட்டர்ஸ்காட்ச் பட்டியலுக்கே வரவில்லை.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, முழுப் பணமும் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றார். கேக் இல்லை. ஒரு பைசா கொடுக்காதவருக்கோ காலையிலேயே பிளாக் ஃபாரஸ்ட் போயிருந்தது. அதுவும் ‘அட்வான்ஸ் வந்துவிட்டது’ என்ற கணக்கில், மீதி 550 மட்டும் வாங்கிக்கொண்டு.

யாரும் ஏமாற்றவில்லை, யாரும் சோம்பலாக இல்லை. பணத்தையும் ஆர்டரையும் சேர்த்துக் கட்ட அவரிடம் இருந்தது ஒரு பெயரும் ஒரு தொகையும் மட்டுமே. அன்று இரண்டுமே இரட்டையாக இருந்தன.

பெயரும் தேதியும் போட்டு டைரியில் எழுதினால் போதாதா? எண் எதற்கு?

எழுதிப் பார்த்தார், அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே. டைரியில் தேதிவாரியாக எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு. எழுத மறந்த ஆர்டர் மறந்ததாகவே தெரியாது. 20-ஆம் தேதிப் பக்கத்தில் ஆறு வரி இருந்தால் அது ஆறு ஆர்டரா, ஏழில் ஒன்று விட்டுப்போனதா என்று பக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வரிசை எண்ணில் இல்லாததும் கண்ணில் படும். 117-க்குப் பிறகு 119 இருந்தால் 118 எங்கே என்று கேட்கத் தோன்றும். நோட்டு எழுதுவதற்கும் எண் போடுவதற்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான். இன்னொன்று, டைரி உங்களிடம் மட்டும் இருக்கும். எண் போட்ட பில்லின் ஒரு பிரதி வாடிக்கையாளரிடமும் இருக்கும். நீங்கள் மறந்தாலும் அவர் ‘118 என்ன ஆச்சு?’ என்று கேட்பார். ‘நான் ப்ரியா பேசறேன்’ என்பதைவிட அது எவ்வளவோ தேவலை.

எண்ணை எப்போது கொடுப்பது? விலை கேட்கும்போதா, பணம் வந்த பிறகா?

இரண்டும் வேண்டாம், நடுவில் கொடுங்கள். விலை கேட்பவர் எல்லோருக்கும் எண் போட்டால் பாதிக்கு மேல் ரத்தாகி, வரிசையே குப்பையாகிவிடும். பணம் வந்த பிறகு போட்டாலோ அந்தப் பணம் யாருடையது என்ற பழைய கேள்விக்கே திரும்பி வந்து நிற்பீர்கள்.

ஐந்து விவரம் உறுதியானதும் எண் பிறக்க வேண்டும்: என்ன கேக், எவ்வளவு எடை, முட்டை உண்டா இல்லையா, எந்தத் தேதி எத்தனை மணி, மொத்த விலை. ஐந்தும் கிடைத்தவுடன் பில் எழுதி, எண்ணோடு அனுப்பி, அதன் பிறகே பணம் கேளுங்கள். ஐந்தில் ஒன்று தொங்கினாலும் எண் கொடுக்காதீர்கள். ‘ஃபிளேவர் நாளைக்குச் சொல்றேன்’ என்பது இன்னும் விசாரணைதான்.

கூடவே பணம் கட்டக் கடைசி நேரமும் பில்லில் இருக்கட்டும். நம் பேக்கர் வைத்தது டெலிவரிக்கு 48 மணி நேரம் முன்பு. அதற்குள் அட்வான்ஸ் வராவிட்டால் எண் ரத்து.

எண் எப்படி இருக்க வேண்டும்? ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் புதுக் கடை என்று தெரிந்துவிடாதா?

101-ல் ஆரம்பியுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. அதில் இன்னொரு வசதியும் உண்டு. 001 என்று ஷீட்டில் அடித்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியங்கள் காணாமல் போகும். 101-க்கு அந்தத் தொல்லை இல்லை.

எண்ணுக்குள் தேதி, ஃபிளேவர், ஊர் என்று எல்லாவற்றையும் திணிக்க ஆசை வரும். ‘20DEC-BF-EL-1KG’ என்று போட்டால் அழகாக இருக்கும். வாடிக்கையாளர் தேதியை மாற்றிய நிமிடமே அது பொய் சொல்லத் தொடங்கும். எண் எதையும் விவரிக்க வேண்டாம், வேறு எதோடும் குழம்பாமல் இருந்தால் போதும். ஃபோனில் வாயால் சொல்ல முடிய வேண்டும். ‘நூத்திப் பதினெட்டு’ என்று சொல்வதில் பிசகு வராது.

நிதியாண்டை மட்டும் முன்னால் சேர்க்கலாம்: 25-26/118. ஏப்ரல் 1 அன்று 26-27/101 என்று புது வரிசை தொடங்கும். நாளைக்கு ஜிஎஸ்டி பதிவு எடுத்தாலும் இந்த வடிவம் செல்லும். அங்கே விதி, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராத தொடர் எண், 16 எழுத்துக்கு மிகாமல். எண், ஆங்கில எழுத்து, சிறுகோடு, சாய்கோடு ஆகியவை இருக்கலாம். இதில் ஒன்பதுதான் ஆகிறது.

பில்லில் என்னென்ன இருக்க வேண்டும்? சாட்டிலேயே அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பலாம், ஆனால் ஒரே செய்தியாக இருக்க வேண்டும். நான்கு செய்தியாகப் பிரித்து அனுப்பினால் மறுபடி பழைய கதைதான். வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலியில் விரைவுப் பதில் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு மாதிரியைச் சேமித்து வைத்துக்கொண்டு, சாய்கோடு போட்டு அதன் பெயரை அடித்தால் வந்துவிடும். நம் பேக்கர் பிறகு தயாரித்த மாதிரி இது, அந்தச் சனிக்கிழமையின் பட்டர்ஸ்காட்சையே உதாரணமாக எடுத்திருக்கிறார்:

```
பில் எண்: 25-26/119
கேக்: பட்டர்ஸ்காட்ச், அரைக் கிலோ
முட்டை: உண்டு
எழுத வேண்டியது: ஹேப்பி பர்த்டே அம்மு
எடுக்கும் நேரம்: 20.12.2025 சனி, மாலை 5 மணி
மொத்தம்: ரூ.550
இப்போது கட்ட வேண்டியது: ரூ.550
கடைசி நேரம்: 18.12.2025 வியாழன், மாலை 5 மணி
பணம் அனுப்பும்போது குறிப்பில் 119 என்று எழுதவும்.
சரியென்றால் "119 சரி" என்று பதில் தரவும்.
```

தேதியோடு கிழமையும் இருப்பதைக் கவனியுங்கள். இரவு 11.50-க்கு ஒருவர் ‘நாளைக்கு’ என்று எழுதி, நீங்கள் 12.10-க்குப் படித்தால் இரண்டு பேரின் நாளையும் வேறு. தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்றால் வாடிக்கையாளரே பிடித்துவிடுவார்.

முட்டை வரியை எப்போதும் விடாதீர்கள். எக்லெஸ் ஆர்டரில் மட்டும் ‘எக்லெஸ்’ என்று எழுதிவிட்டு மற்றதில் ஒன்றும் எழுதாமல் விட்டால், எழுதாதது முட்டை உள்ள கேக்கா, கேட்க மறந்த கேக்கா என்று தெரியாது. கேக் மேல் எழுத வேண்டிய வாசகம் வாடிக்கையாளர் கொடுத்த எழுத்துக்கூட்டலிலேயே இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் அவர் அனுப்பியதை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள், நீங்களாகத் தட்டச்சு செய்ய வேண்டாம்.

எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண்ணையும் அடியில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். 14 இலக்கமுள்ள அந்த எண் பில்லில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விதி.

பணம் வந்தது எந்த ஆர்டருக்கு என்று எப்படி உறுதி செய்வது?

வாடிக்கையாளர் குறிப்பில் எண்ணை எழுதினால் வேலை முடிந்தது. எல்லோரும் எழுத மாட்டார்கள். ஆகவே எண்ணும் தொகையும் ஏற்கெனவே நிரப்பிய கியூஆர் படத்தை அனுப்புவது நல்லது. யுபிஐ கியூஆருக்குள் இருப்பது இதுபோன்ற ஒரு வரிதான்:

```
upi://pay?pa=yourid@bank&pn=Cakes&am=550.00&cu=INR&tn=119
```

pa என்பது உங்கள் யுபிஐ முகவரி, am தொகை, tn குறிப்பு. இந்த வரியை ஏதாவதொரு கியூஆர் உருவாக்கியில் கொடுத்தால் படம் கிடைக்கும். முதல் தடவை am=1.00 என்று வைத்து, வீட்டு ஆள் ஒருவரின் ஃபோனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லிச் சோதியுங்கள். முகவரியில் ஒரு எழுத்து தவறினாலும் பணம் உங்களுக்கு வராது.

இதிலும் ஓட்டை உண்டு. வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸில் குறிப்பு பெரும்பாலும் வராது. எனவே எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து டிக் போடாமல், செயலியைத் திறந்து அந்தப் பரிவர்த்தனையைப் பாருங்கள். அதில் 12 இலக்கத்தில் யுடிஆர் எண் ஒன்று இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கத்தைப் பில்லின் உங்கள் பிரதியில் எழுதிவிட்டால், ஒரே பணத்தை இரண்டு பில்லுக்கு வரவு வைக்க முடியாது. வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் ஆதாரம் ஆகாது. போலிப் படம் ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மையான படத்தில்கூடப் பணம் ‘செயல்பாட்டில் உள்ளது’ என்ற நிலையில் நிற்கலாம்.

குறிப்பும் இல்லை, தெரிந்த பெயரும் இல்லை என்றால் எந்தப் பில்லிலும் டிக் போடாதீர்கள். அன்று நிலுவையில் இருப்பவர்களிடம் ‘119-க்குப் பணம் அனுப்பினீர்களா? யார் கணக்கிலிருந்து?’ என்று கேளுங்கள். அந்தப் புதன்கிழமை இரவு இந்த ஒரு கேள்வி போயிருந்தால் பட்டர்ஸ்காட்ச் பிழைத்திருக்கும்.

பில் போட்ட பிறகு ‘அக்கா, எக்லெஸ்ஸா மாத்திடுங்க’ என்றால்?

அதே எண், புது பில். ‘25-26/119, திருத்தம் 1’ என்று தலைப்பிட்டு முழு பில்லையும் மறுபடி அனுப்புங்கள், மாறிய வரியை மட்டும் அல்ல. ‘முந்தைய 119 செல்லாது’ என்று ஒரு வரி சேருங்கள். மறுபடி ‘119 சரி’ வாங்குங்கள். புது எண் கொடுத்தால் பழையதும் புதியதும் இரண்டு கேக்காகப் பட்டியலில் ஏறும், இது நடக்கிறது.

குரல் பதிவிலோ ஃபோனிலோ மாற்றம் சொன்னாலும் இதே வழிதான். திருத்திய பில் போகும்வரை மாற்றம் நடக்கவில்லை என்று அர்த்தம். இதை வாடிக்கையாளரிடமும் சொல்லிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் முறைப்படி டாக்ஸ் இன்வாய்ஸ் கொடுத்த பிறகு இப்படித் திருத்த முடியாது. அவர்கள் ஆர்டருக்கு ஒரு வரிசையும் இன்வாய்ஸுக்குத் தனி வரிசையும் வைத்துக்கொண்டு, கேக் கைமாறும்போது இன்வாய்ஸ் போடுவது சுலபம்.

ரத்தான எண்ணை அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாமா?

கூடாது. ரத்தான வாடிக்கையாளரின் ஃபோனில் அந்தப் பில் அப்படியே இருக்கும். மூன்று நாள் கழித்து மனம் மாறி அதே கியூஆரில் பணம் அனுப்பினால், அது புது ஆளின் கணக்கில் விழும். பில் புக் என்றால் தாளைக் கிழிக்காமல் இரண்டு பிரதியின் மேலும் குறுக்குக் கோடு போட்டு ‘ரத்து’ என்று எழுதி, தேதியும் போடுங்கள். கிழித்தால் அந்த எண் காணாமல் போனதா, ரத்தானதா என்று மூன்று மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

பில் புக் வாங்கினால் போதுமா, கூகுள் ஷீட் வேண்டுமா?

வாரத்துக்கு இருபது ஆர்டர் வரை கடையில் கிடைக்கும் டூப்ளிகேட் பில் புக் போதும். எண் அச்சடித்தே வருவதால் தவறவிட வழியில்லை. எழுதி, படம் எடுத்து, சாட்டில் அனுப்பிவிடலாம். இரண்டு புக் வாங்கும்போது மட்டும் இரண்டும் ஒரே எண்ணில் தொடங்குகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் 1-லிருந்து 100 வரை என்றே இருக்கும். அப்படியானால் புக்குக்கு ஒரு எழுத்து கொடுங்கள்: அ-18, ஆ-18.

ஷீட் என்றால் ஒரு பொறியைத் தவிர்க்க வேண்டும். எண் தானாக வரட்டும் என்று இப்படிப் போடுவார்கள்:

```
=ROW()+99
```

இது வரியின் எண்ணைத்தான் காட்டும், ஆர்டரின் எண்ணை அல்ல. டெலிவரி தேதிப்படி வரிசைப்படுத்திய உடனே ஒவ்வொரு ஆர்டருக்கும் வேறு எண் வந்துவிடும். எண்ணைக் கையால் அடியுங்கள். ஒரே எண் இரண்டு முறை விழுந்தால் சிவப்பாகத் தெரிய, எண்கள் A நெடுவரிசையில் இருந்தால், நிபந்தனை வடிவமைப்பில் A2-லிருந்து தொடங்கும் வரம்புக்கு இந்தச் சூத்திரம் போதும்:

```
=COUNTIF($A:$A,$A2)>1
```

தேதியிலும் கவனம் வேண்டும். ஷீட்டின் அமைப்பில் நாடு அமெரிக்கா என்று இருந்தால் 05/12/2025 என்பதை மே 12 ஆக எடுத்துக்கொள்ளும். கோப்பு அமைப்பில் இந்தியா என்று மாற்றிய பிறகே தொடங்குங்கள்.

வாட்ஸ்ஆப் பிசினஸில் லேபிள் இருக்கிறதே, அது போதாதா?

லேபிள் பெரும்பாலும் சாட்டுக்கு, அதாவது ஆளுக்கு ஒட்டப்படுகிறது, ஆர்டருக்கு அல்ல. ஒரே ஆள் மகளுக்கு ஒரு கேக்கும் அலுவலகத்துக்கு இன்னொன்றும் சொன்னால், ‘பணம் வந்தது’ லேபிள் எதைக் குறிக்கிறது? பணம் வராத சாட்களைச் சட்டென்று பார்க்க அது உதவும், அவ்வளவுதான்.

சமையலறையில் இந்த எண்ணை என்ன செய்வது?

முந்தின நாள் இரவு நாளைய எண்களை ஒரு தாளில் நேர வரிசைப்படி எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஸ்பாஞ்ச் ஓவனிலிருந்து வந்ததும் எண் எழுதிய சிறு துண்டை அதன் தட்டில் செருகுங்கள். எக்லெஸ் ஸ்பாஞ்சும் முட்டை ஸ்பாஞ்சும் ஆறிய பிறகு பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கிரீம் பூசிய பிறகு சுத்தமாகத் தெரியாது. கேக் பெட்டியின் மூடியில் எழுதாமல் பக்கவாட்டில் மார்க்கரால் பெரிதாக 119 என்று எழுதுங்கள். மூடி மாறிப்போகும், அடுக்கினால் மறையும்.

நீங்கள் இல்லாத நேரத்தில் மாமியார் கொடுத்தாலும், வந்தவரிடம் பெயர் கேட்காமல் பில் எண் கேட்டுக் கொடுக்கட்டும். தாளில் அந்த எண்ணை அடித்துவிட வேண்டும். மாலையில் அடிபடாத எண் எது என்று ஒரு பார்வை போதும்.

எண் எல்லாவற்றையும் தீர்க்காது. நம் பேக்கருக்கு எண் போடத் தொடங்கிய இரண்டாவது வாரம் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினொரு பில் விழுந்தது. ஓவன் தாங்குவது எட்டு. எந்த எண்ணும் தொலையவில்லை, மூன்று பேரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அதன் பிறகு காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் எட்டுக் கட்டம் போட்டு, கட்டத்தில் எண்ணை எழுத இடம் இருந்தால் மட்டுமே பில் அனுப்புகிறார்.

ஜிஎஸ்டி இல்லாமல் பில் கொடுப்பது தப்பில்லையா?

தப்பில்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு கட்டாயம் இல்லை. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்று தனியாக ஒரு தொகை வாங்கக் கூடாது, ‘டாக்ஸ் இன்வாய்ஸ்’ என்று தலைப்புப் போடவும் கூடாது. ‘பில்’ என்று மட்டும் போடுங்கள்.

இப்போது கையில் பன்னிரண்டு ஆர்டர் பாதியில் இருக்கிறது. எப்படி மாறுவது?

கேக் குறைவாக உள்ள ஒரு நாள், செவ்வாய் அல்லது புதன், காலை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். சாட் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். மறந்துபோனது கீழேதான் கிடக்கும். இன்ஸ்டாகிராம் செய்தியும் ஸ்டேட்டஸுக்கு வந்த பதில்களும் இதில் சேர்த்தி. உறுதியான ஒவ்வொன்றுக்கும் 101-லிருந்து எண் போட்டுப் பில் அனுப்புங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்தவருக்கு ‘வந்தது ரூ.550, மீதி ரூ.550’ என்று எழுதுங்கள்; தவறாக இருந்தால் இரண்டு பக்கமும் அப்போதே தெரியும். மாலைக்குள் ‘சரி’ வராதவர்களை ஃபோனில் கூப்பிடுங்கள்.

பன்னிரண்டு என்று நினைத்தது பதிமூன்றாகவோ பதினான்காகவோ வரும். ப்ரியாக்களின் சனிக்கிழமைக்கு மூன்று நாள் கழித்து நம் பேக்கர் இதைச் செய்தபோது, கிறிஸ்துமஸ் காலைக்கு இரண்டு கிலோ பிளம் கேக் ஒன்று அடியில் கிடந்தது. பழத்தை ஊறவைக்க அன்று இரவும் மறுநாளும்தான் மீதி இருந்தன. அது 107.